பத்தாயிரம் போய்த் தொண்ணூறு வந்தது

2022 ஜூலை 18 அன்று ஸ்லாக் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு ஓர் அறிவிப்பு விடுத்தது. செப்டம்பர் 1 முதல் இலவசத் திட்டத்தில் இருப்பவர்கள் கடைசி 90 நாட்களின் செய்திகளையும் கோப்புகளையும் முழுமையாகப் பார்க்கலாம். அதுவரை இருந்த 10,000 செய்தி வரம்பும் 5 ஜிபி கோப்பு வரம்பும் எடுக்கப்படும். கட்டணத் திட்டங்களில் ஒன்றின் விலை சற்று உயரும். மாற்றத்தின் சாரம் இவ்வளவுதான்.

ஸ்லாக் என்பது அலுவலகங்களுக்கான உரையாடல் மென்பொருள். வாட்ஸப் குழு போலத் தோன்றினாலும், வேலைக்கு ஏற்றபடி தனித்தனிச் சேனல்களாகப் பிரிக்கப்பட்டது. கணக்குப் பிரிவுக்கு ஒரு சேனல், ஒரு வாடிக்கையாளரின் வேலைக்கு இன்னொன்று என்று வைத்துக்கொள்வார்கள். யார் எப்போது என்ன முடிவு சொன்னார் என்று மாதங்கள் கழித்தும் தேடி எடுக்க முடிவதே அதன் பெரிய பயன். ஆகவே எவ்வளவு பழைய செய்தி வரை தெரியும் என்பது அந்த மென்பொருளின் அடிமடியிலேயே கைவைக்கும் விஷயம்.

இப்படிப்பட்ட மாற்றங்களை வாடிக்கையாளர்களிடம் கொண்டுசேர்ப்பவை பெரும்பாலும் நீண்ட கட்டுரைகள் அல்ல; இரண்டு மூன்று வரிக் குறிப்புகள்தான். திரையின் மேல் விளிம்பில் வரும் பட்டை, மின்னஞ்சலின் தலைப்பு, சமூக ஊடகத்தில் ஒரு படத்துக்குக் கீழே வரும் கேப்ஷன் என்று பல இடங்களில் அவை வரும். படிப்பவருக்கு அவகாசம் சில நொடிகள். அந்தச் சில நொடிகளில் ‘எனக்கு என்ன மாறுகிறது’ என்ற ஒரே கேள்விக்கு விடை கிடைக்க வேண்டும். ஸ்லாக்கின் இந்த மாற்றத்தை எடுத்துக்கொண்டால் அது ஏன் இவ்வளவு கடினம் என்பதும், கடினம் என்பதற்காக விட்டுவிடக் கூடாது என்பதும் தெளிவாகத் தெரியும்.

‘இனி 90 நாள் செய்திகள் முழுமையாகக் கிடைக்கும்’ என்ற வரியை மட்டும் ஒருவர் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதைப் படித்த கையோடு அவருக்கு லாபமா நட்டமா என்று சொல்ல முடியுமா? முடியாது. நேற்று வரை என்ன இருந்தது என்பது அந்த வரியில் இல்லை. நேற்று வரை இருந்தது 10,000 செய்திகள். அப்படியே அருகில் வைத்தாலும் ஒப்பிட முடியவில்லை. ஒன்று எண்ணிக்கை, இன்னொன்று காலம். இரண்டையும் ஒப்பிட வேண்டுமானால் நடுவில் மூன்றாவதாக ஓர் எண் தேவை. உங்கள் குழு ஒரு நாளைக்கு எத்தனை செய்தி அனுப்புகிறது என்பதே அந்த எண். அது அறிவிப்பு எழுதுபவரின் மேசையில் இல்லை. ஒவ்வொரு குழுவுக்கும் வேறு.

ஆறு பேர் வேலை செய்யும் ஓர் உள் அலங்கார அலுவலகம். ஆளுக்கு ஐந்து செய்தி, நாளுக்கு முப்பது. விடுமுறை நாட்களையும் சேர்த்துச் சராசரி அதுதான் என்று கொள்வோம். 10,000 செய்தி வரம்பில் அவர்களுக்கு 333 நாள் உரையாடல் தெரியும். 2022 செப்டம்பர் 1 அன்று பின்னோக்கிப் போனால் 2021 அக்டோபர் முதல் வாரம் வரை போகலாம். புதிய விதியில் 90 நாள், அதாவது ஜூன் 3 வரை மட்டும். நடுவில் இருக்கும் ஏறத்தாழ எட்டு மாத உரையாடல், சுமார் 7,300 செய்திகள், ஒரே நாளில் கண்ணிலிருந்து மறைகிறது. சமையலறைக்கு எந்த நிறம் என்று வீட்டுக்காரர் பிப்ரவரியில் ஒப்புக்கொண்ட செய்தி அதற்குள் இருக்கலாம். அதைத் தேடிச் சேனலில் மேலே மேலே தள்ளிக்கொண்டே போனால் ஓரிடத்தில் நின்றுவிடும். அதற்கு முந்தையவற்றைப் பார்க்கக் கட்டணத் திட்டத்துக்கு மாறச் சொல்லும் ஒரு குறிப்புதான் அங்கே இருக்கும்.

இப்போது அறுபது பேர் இருக்கும் வாடிக்கையாளர் சேவைக் குழு ஒன்று. ஆளுக்கு இருபது செய்தி, நாளுக்கு 1,200. பழைய வரம்பில் அவர்களுக்குத் தெரிந்தது எட்டு நாள் உரையாடல் மட்டுமே. போன வாரம் பேசியது இந்த வாரம் இல்லை. புதிய விதியில் அவர்களுக்கு 90 நாள். எண்ணிக்கையில் சொன்னால் 1,08,000 செய்திகள். ஒரு பைசா செலவில்லாமல் பத்து மடங்குக்கு மேல் கூடுதலாகக் கிடைக்கிறது.

ஒரே வரிதான். ஒருவருக்குக் கொடுக்கிறது, இன்னொருவரிடமிருந்து எடுக்கிறது. எந்த இடத்தில் தராசு சாய்கிறது என்று கணக்குப் போடுவது எளிது: 10,000-ஐ 90-ஆல் வகுத்தால் 111. நாளுக்கு 111 செய்திக்கு மேல் அனுப்பும் குழுவுக்கு லாபம். அதற்குக் கீழே என்றால் நட்டம். இந்த 111 என்ற ஒற்றை எண், என் பார்வையில், அந்த மாற்றத்தைப் பற்றிச் சொல்லத்தக்க மிகப் பயனுள்ள தகவல். அதை வைத்து எந்தக் குழுவும் தன் நிலையை அரை நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம்.

நிறுவனம் எதையும் மறைத்தது என்று சொல்ல மாட்டேன். விரிவான அறிவிப்பில் பழைய வரம்பையும் புதிய வரம்பையும் சேர்த்தே எழுதியிருந்தார்கள். இலவசத் திட்டத்தில் சுறுசுறுப்பாக இயங்கும் குழுக்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்பைவிட அதிகச் செய்திகள் கிடைக்கும் என்று தங்கள் மதிப்பீட்டையும் சொன்னார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கணக்கு எந்தக் குழுக்களை வைத்துப் போடப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். சுறுசுறுப்பான குழுக்கள் இயல்பாகவே 111-க்கு மேலே நிற்கும். ஆறு பேர் அலுவலகம், சிறு தொண்டு நிறுவனம், பகுதி நேரமாக நடக்கும் தொழில் ஆகியவை அந்தப் பெரும்பாலானவற்றுக்கு வெளியே இருப்பவை. அறிவிப்பைப் படித்துப் புரிந்துகொள்ளத் தனியாக ஆள் வைத்திருக்காதவர்களும் அவர்களே.

மாற்றத்தில் ஓர் உண்மையான நன்மையும் இருந்தது. எண்ணிக்கை வரம்பு இருந்த காலத்தில், பழைய செய்தி எப்போது மறையும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு வாரம் வேலை சூடுபிடித்து ஆயிரக்கணக்கில் செய்தி பறந்தால், பழையவை வேகமாக உள்ளே போய்விடும். நாள் கணக்கு வந்த பிறகு அந்தக் குழப்பம் இல்லை. இன்றைக்கு எழுதியது இன்னும் தொண்ணூறு நாள் தெரியும் என்று திட்டமாகச் சொல்லலாம். அதற்கேற்ப முக்கியமானவற்றை வேறிடத்தில் குறித்துவைக்கலாம். கோப்புகளிலும் இப்படித்தான். முன்பு மொத்தக் குழுவுக்கும் 5 ஜிபி. பெரிய வரைபடங்களைப் பரிமாறும் அலுவலகம் அதைச் சில வாரங்களில் நிரப்பிவிடும். இனி அளவு பொருட்டில்லை, தேதி மட்டுமே பொருட்டு. நம் உள் அலங்கார அலுவலகத்துக்குச் செய்தியில் நட்டம் வந்தாலும், வரைபடங்களில் லாபம் வந்திருக்கலாம்.

ஆனால் நாள் கணக்கில் வேறொரு விளைவு ஒளிந்திருக்கிறது. எண்ணிக்கை வரம்பில் மௌனத்துக்கு விலை இல்லை. ஒரு குழு ஆறு மாதம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தாலும் பழைய 10,000 செய்திகள் அப்படியே இருக்கும், ஏனென்றால் அவற்றைத் தள்ளப் புதிய செய்தி வரவில்லை. நாள் வரம்பில் யாரும் பேசாவிட்டாலும் காலம் தள்ளிக்கொண்டே இருக்கிறது.

ஆண்டுக்கு ஒருமுறை ஜனவரியில் ஒரு மாநாடு நடத்தும் தன்னார்வக் குழுவை நினைத்துப் பாருங்கள். நவம்பரில் வேலை தொடங்கும். மண்டபம், சாப்பாடு, ஒலிபெருக்கி, பேச்சாளர்களின் பயணம் என்று நாளுக்கு நாற்பது செய்தி வீதம் மூன்று மாதத்தில் 3,600 செய்தி. ஜனவரிக்குப் பிறகு அமைதி. அடுத்த நவம்பரில் மறுபடி கூடும்போது, போன முறை சாப்பாட்டுக்காரர் எவ்வளவு கேட்டார், எங்கே தகராறு வந்தது என்று பார்க்க வேண்டும். பழைய விதியில் இரண்டு மாநாடுகளின் முழு உரையாடலும் 10,000-க்குள் அடங்கும். புதிய விதியில் மே மாதம் வரும்போதே போன மாநாட்டின் கடைசிச் செய்தியும் மறைந்திருக்கும். வேலை நடக்கும் காலத்தில் அவர்களுக்கு எந்தக் குறையும் தெரியாது. எல்லாச் செய்தியும் கண்முன் இருக்கும். இழப்பு தெரிவது அடுத்த ஆண்டில். அதற்குள் அந்த அறிவிப்பைப் படித்த ஞாபகம்கூட யாருக்கும் இருக்காது.

இதை எல்லாம் இரண்டு வரிக் குறிப்பில் எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். எல்லோருக்கும் ஒரே குறிப்பை அனுப்பினால் முடியாதுதான். ஆனால் மென்பொருள் நிறுவனத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. ஒவ்வொரு குழுவும் எத்தனை செய்தி அனுப்பியது என்பது அவர்களுடைய சர்வரிலேயே இருக்கிறது. வரம்பை அமல்படுத்துவதே அந்த எண்ணிக்கையை வைத்துத்தான். ஆகவே குழுவுக்கு ஏற்றபடி வேறு வேறு குறிப்பு காட்டுவது தொழில்நுட்பத்தில் பெரிய காரியம் அல்ல. நம் ஆறு பேர் அலுவலகத்துக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“செப்டம்பர் 1 முதல் உங்கள் குழு கடைசி 90 நாள் செய்திகளை மட்டுமே பார்க்க முடியும். இப்போது உங்களுக்கு 2021 அக்டோபர் வரை தெரிகிறது. அன்றைக்கு 2022 ஜூன் 3-க்கு முந்தையவை மறைந்துவிடும். தேவையானவற்றை ஆகஸ்ட் 31-க்குள் எடுத்து வையுங்கள்.”

சேவைக் குழுவுக்கு:

“செப்டம்பர் 1 முதல் நீங்கள் 90 நாள் வரை பின்னோக்கிப் பார்க்கலாம். இப்போது எட்டு நாள்தான் தெரிகிறது. நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை.”

இரண்டிலும் ‘இப்போது’ என்று ஒரு வாக்கியம் இருப்பதைப் பாருங்கள். அறிவிப்பு எழுதுபவர்கள் முதலில் வெட்டுவது அந்த வாக்கியத்தைத்தான். புதியது வந்திருக்கும்போது பழையதை ஏன் பேச வேண்டும் என்று தோன்றும். ஆனால் மாற்றம் என்பதே இரண்டு நிலைகளுக்கு நடுவில் உள்ள தூரம். ஒரு முனையை மறைத்துவிட்டால் தூரத்தை அளக்க முடியாது. கடைசி வாக்கியமும் முக்கியம். செய்ய வேண்டியது ஏதும் இல்லை என்றால் அதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், அலுவலகத்தில் யாராவது ஒருவர் ஏதோ செய்ய வேண்டியிருக்கிறதோ என்று உதவி மையத்துக்கு எழுதிக்கொண்டிருப்பார்.

எழுதும் இடத்தில் நடப்பதையும் சொல்ல வேண்டும். மாற்றத்தை வடிவமைத்தவர்கள் ஒரு நீண்ட குறிப்பு தருவார்கள். அதில் எந்தத் திட்டத்துக்குப் பொருந்தும், எல்லோருக்கும் ஒரே நாளில் வருமா அல்லது படிப்படியாக வருமா, அட்மின் ஏதாவது பொத்தானை அழுத்த வேண்டுமா என்பதெல்லாம் இருக்கும். எழுதுபவர் அதைச் சுருக்குவார். பிறகு சட்டப் பிரிவு பார்க்கும், விற்பனைப் பிரிவு பார்க்கும். ஒவ்வொரு கை மாறும்போதும் கசப்பான சொல் ஒன்று இனிப்பான சொல்லாக மாறும். ‘குறைகிறது’ என்பது ‘எளிமையாகிறது’ என்றாகும். உதவி மையத்தில் தொலைபேசி எடுப்பவர்களிடம் அந்தக் குறிப்பைக் காட்டி, ‘இதைப் படித்துவிட்டு வாடிக்கையாளர் உங்களிடம் என்ன கேட்பார்’ என்று விசாரிப்பதே இதற்கு நான் அறிந்த நல்ல மருந்து. அவர்கள் கேட்கும் முதல் கேள்விக்கான விடை குறிப்பிலேயே இருக்க வேண்டும்.

தொழில் நிறுவனங்களுக்கு எழுதும்போது இன்னொரு சிக்கல். குறிப்பைப் படிப்பவர் ஒருவர், பாதிக்கப்படுபவர் வேறொருவர். மின்னஞ்சல் பெரும்பாலும் கணக்கைத் திறந்த உரிமையாளருக்கோ அட்மினுக்கோ போகும். அந்த ஆள் வேலையை விட்டே போயிருக்கலாம். தினமும் சேனலில் புழங்கும் கணக்காளரும் வடிவமைப்பாளரும் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். அதனால் அட்மினுக்கான குறிப்பில், அவர் தன் ஆட்களுக்கு அப்படியே அனுப்பக்கூடிய ஒரு வரியையும் சேர்த்துக் கொடுப்பது பெரிய உதவி.

2022-இல் மறைந்த செய்திகள் அழியவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் இருந்தன, அவ்வளவுதான். கட்டணத் திட்டத்துக்கு மாறினால் திரும்ப வந்துவிடும். பலரும் அந்தத் தைரியத்திலேயே இருந்தார்கள். ஆனால் 2024 ஆகஸ்ட் 26 முதல் இலவசத் திட்டத்தில் ஓராண்டுக்கு மேற்பட்ட செய்திகளையும் கோப்புகளையும் நிரந்தரமாக அழிக்கத் தொடங்குவதாக நிறுவனம் அறிவித்தது. அதன் பிறகு பணம் கட்டினாலும் அவை வராது. தெரியும் எல்லை 90 நாளாகவே இருந்தது. கிடங்கில் இருக்கும் எல்லைதான் மாறியது. பயன்படுத்துபவரின் திரையில் அன்று எந்த வேறுபாடும் இல்லை. திரையில் எதுவும் மாறாமல் நடந்த இந்த மாற்றம், முந்தையதைவிடப் பெரியது.

நம் மாநாட்டுக் குழுவுக்கு இது எப்படிப் பட்டிருக்கும்? நவம்பரில் கூடுகிறார்கள், ஒரு மாதம் மட்டும் கட்டணம் கட்டிப் போன ஆண்டைத் திறந்து பார்க்கலாம் என்று நினைக்கிறார்கள். போன நவம்பர் முதல் வாரத்தில் மண்டபத்துக்காரரோடு பேசியது ஓராண்டைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு நாளும் ஒரு நாள் உரையாடல் அழிந்துகொண்டே வரும். முடிவெடுக்க இரண்டு வாரம் தாமதித்தால் இரண்டு வாரம் போய்விடும்.

ஆகவே இப்படிப்பட்ட குறிப்பு வரும்போது வினைச்சொல்லைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ‘பார்க்கலாம்’, ‘கிடைக்கும்’ என்றால் அது திரையைப் பற்றியது. ‘சேமிக்கப்படும்’, ‘அழிக்கப்படும்’ என்றால் கிடங்கைப் பற்றியது. முதல் வகை பெரும்பாலும் பணத்தால் சரியாகும், இரண்டாவது ஆகாது. எழுதுபவரும் ‘அழிக்கிறோம்’ என்ற சொல்லை எழுத்துக்கு எழுத்து அப்படியே போட வேண்டும். ‘தரவுப் பராமரிப்புக் கொள்கையைப் புதுப்பிக்கிறோம்’ என்று எழுதினால் யாரும் எதையும் எடுத்து வைக்க மாட்டார்கள்.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புரோ திட்டம் ஆண்டுச் சந்தாவில் ஆளுக்கு மாதம் 6.67 டாலரிலிருந்து 7.25 ஆனது, மாதாமாதம் கட்டினால் 8 டாலரிலிருந்து 8.75. பத்துப் பேர் அலுவலகத்துக்கு ஆண்டுச் சந்தாவில் வருடத்துக்கு 69.60 டாலர் கூடுகிறது. ஆளுக்கு மாதம் அரை டாலர் என்று படிக்கும்போது தட்டாத சுமை, வருடக் கணக்கில் படிக்கும்போது தட்டும். பில் கட்டுபவர் வருடக் கணக்கில்தான் யோசிக்கிறார்.

உங்கள் குழு இப்படி ஏதாவது ஒரு மென்பொருளின் இலவசத் திட்டத்தில் இருந்தால், அட்மின் பகுதியில் புள்ளிவிவரப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் கடந்த மாதம் அனுப்பிய செய்திகளின் எண்ணிக்கையை முப்பதால் வகுத்தால் நாள் சராசரி கிடைத்துவிடும். பிறகு எடுத்து வைப்பது. ஸ்லாக்கில் உரிமையாளரோ அட்மினோ எக்ஸ்போர்ட் செய்து செய்திகளை மொத்தமாக ஜிப் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் இலவசத் திட்டத்தில் அப்படி வருவது எல்லோருக்கும் திறந்த சேனல்களின் செய்திகள் மட்டுமே. தனிச் சேனல்களும், இருவருக்குள் பேசிக்கொண்டவையும் வராது. கோப்புகளும் அப்படியே வராது. அவற்றுக்கான இணைப்புகள்தான் வரும். அசல் கோப்பு அழிந்தால் அந்த இணைப்பால் பயனில்லை. அதனால் வரைபடங்களையும் பில்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து இறக்கி, தனிச் சேனலில் வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட தொகை, தேதி, நிறம் போன்றவற்றைக் கையால் எடுத்து ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். முப்பது செய்தி போகும் அலுவலகத்துக்கு இது ஒரு பிற்பகல் வேலை.